ரெண்டு பர்சென்ட் தள்ளுபடியும் ரெண்டு வட்டிக் கடனும்

திருநெல்வேலிப் பக்கம் ஹார்டுவேர், பெயின்ட், மளிகை என்று எந்தச் சரக்கை மொத்தமாக எடுத்து விற்கிறவரிடம் பேசினாலும் இந்த விஷயம் ஒரு தடவையாவது வந்துவிடும். சரக்கு அனுப்பும் கம்பெனி, பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கும்: ‘7 நாளில் கட்டினால் 2% சி.டி., இல்லாவிட்டால் 30 நாள்.’ கையில் பணம் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. பணம் இல்லை, ஆனால் கடன் கிடைக்கும் என்றால் என்ன செய்வது? கடன் வாங்கியாவது 7 நாளில் கட்டி அந்த 2 பர்சென்டைப் பிடிப்பதா, பேசாமல் 30 நாள் வைத்துக்கொள்வதா?

இதற்குக் கடைத்தெருவில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. “பேங்க்காரன் 12 பர்சென்ட் வட்டி வாங்குதான். கம்பெனிக்காரன் குடுக்கது 2 பர்சென்ட். 2 வாங்குததுக்கு 12 குடுப்பாங்களா அண்ணாச்சி?” என்பது ஒன்று. “ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டினாலும் ரெண்டுக்கு ரெண்டு சரியாப் போச்சுல்லா” என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. முதல் பதிலால் பலர் வருஷக்கணக்கில் லாபத்தை விடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் கைக்காசை இழக்கிறார்கள்.

## சி.டி. என்பது என்ன?

சி.டி. என்றால் கேஷ் டிஸ்கவுண்ட். குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டினால் மட்டும் கிடைக்கும் தள்ளுபடி. பில்லின் மேல் பாதியிலேயே விலையில் கழித்துக் காட்டுகிற டிரேட் டிஸ்கவுண்ட் வேறு. அது எப்போது கட்டினாலும் உண்டு, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சி.டி.யை ‘கம்பெனி நமக்குத் தருகிற பரிசு’ என்று நினைத்தால் கணக்கு கடைசிவரை பிடிபடாது. கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 4,00,000 ரூபாய்ச் சரக்குக்கு 2% சி.டி. என்றால், 7 நாளில் கட்டுகிறவருக்கு அதன் விலை 3,92,000. 30-ஆம் நாள் கட்டுகிறவருக்கு 4,00,000. அப்படியானால் ரொக்க விலை 3,92,000-தான். மீதி 8,000 ரூபாய், எட்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை பணத்தைத் தராமல் வைத்திருப்பதற்குக் கம்பெனி வாங்குகிற வட்டி. அது விலையோடு சேர்ந்தே வருவதால் வட்டி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கணக்கப்பிள்ளையின் வட்டிப் பேரேட்டிலும் அது ஏறாது. சரக்கு வாங்கிய செலவோடு செலவாகப் போய்விடும்.

ஆக, 30 நாள் ‘சும்மா’ கிடைக்கிறது என்பது முதல் 7 நாளுக்கு மட்டும்தான் உண்மை. அடுத்த 23 நாளும் நீங்கள் கம்பெனியிடம் கடன் வாங்கியிருக்கிறீர்கள். பேங்கில் கடன் வாங்கி 7 நாளில் கட்டுவது என்றால், ஒரு கடனை விட்டு இன்னொரு கடனுக்கு மாறுகிறீர்கள் என்று பொருள். கேள்வி, எந்தக் கடன் மலிவு என்பதுதான்.

## 2-ஐயும் 12-ஐயும் எதிரெதிரே நிறுத்தினால்

ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் அறை வாடகை 900 ரூபாய். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வாடகை 9,000 ரூபாய். 900-தானே சின்ன எண் என்று யாராவது லாட்ஜிலேயே குடும்பத்தோடு குடியிருப்பார்களா? லாட்ஜ் வாடகை ஒரு நாளுக்கு, வீட்டு வாடகை ஒரு மாதத்துக்கு. நாளைச் சேர்த்துப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

2 பர்சென்டும் 12 பர்சென்டும் அதே மாதிரிதான். பேங்க் சொல்கிற 12% ஒரு முழு வருஷத்துக்கு, அதாவது 365 நாளுக்கு. பில்லில் இருக்கும் 2% வெறும் 23 நாளுக்கு. 23 நாளுக்கு 2 என்றால் வருஷத்துக்கு எவ்வளவு என்று முதலில் மாற்ற வேண்டும். அப்புறம்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம்.

நம்மூர் வட்டிப் பேச்சுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ‘ஒரு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய், வருஷத்துக்கு 12%. ‘ரெண்டு வட்டி’ என்றால் வருஷத்துக்கு 24%. ‘மூணு வட்டி’ 36%. ஆக, பில்லில் இருக்கும் 2 பர்சென்ட் 23 நாளுக்கும், ரெண்டு வட்டி ஒரு மாதத்துக்கும், பேங்க் வட்டி ஒரு வருஷத்துக்கும் பேசப்படுகின்றன. கடைத்தெருவின் அந்த இரண்டு பதில்களும் பிறந்தது இந்தக் குழப்பத்தில்தான்.

## அம்பாசமுத்திரத்து பில் ஒன்று

கணக்குக்காக அம்பாசமுத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். அண்ணாச்சி மதுரையிலிருந்து பி.வி.சி. பைப் லோடு இறக்கியிருக்கிறார். சரக்கு விலை 4,00,000. ஜி.எஸ்.டி. 18%, அதாவது 72,000. பில் மொத்தம் 4,72,000. பில்லில் அதே வரி: 7 நாளில் கட்டினால் 2%, இல்லாவிட்டால் 30 நாள்.

இங்கே பலர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. சி.டி.யைப் பெரும்பாலும் வரிக்கு முந்தைய விலையில்தான் போடுவார்கள். 4,00,000-க்கு 2%, 8,000 ரூபாய். ஆனால் கட்ட வேண்டியது வரியும் சேர்ந்த தொகை. எனவே ஏழாம் நாள் அண்ணாச்சி புரட்ட வேண்டிய பணம் 4,72,000-லிருந்து 8,000 போக 4,64,000. வட்டி இந்த 4,64,000-க்கு ஓடும், தள்ளுபடி 4,00,000-க்குத்தான். வாயால் 2% என்று சொன்னாலும், கடன் வாங்கும் தொகைக்கு அது ஏறக்குறைய 1.72%தான் வருகிறது.

இப்போது வருஷக் கணக்குக்கு மாற்றலாம்:

```
(தள்ளுபடி ÷ கட்டும் தொகை) × (365 ÷ முன்கூட்டிக் கட்டும் நாள்) × 100
(8,000 ÷ 4,64,000) × (365 ÷ 23) × 100 = சுமார் 27.4
```

வருஷத்துக்கு 27.4%. நம்மூர்ப் பாஷையில் சொன்னால் ரெண்டேகால் வட்டிக்குக் கொஞ்சம் மேலே. கம்பெனி தருகிற ‘சும்மா 30 நாள்’ உண்மையில் ரெண்டேகால் வட்டிக் கடன். அதைவிடக் குறைந்த வட்டிக்கு அண்ணாச்சிக்கு வேறு கடன் கிடைத்தால் வாங்கிக் கட்டலாம், கூடுதல் என்றால் வேண்டாம்.

கம்பெனிக்காரர் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று கேட்கலாம். அவருக்கு மிச்சமாவது வட்டி மட்டுமில்லை. வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், நாற்பது தடவை போன் போட வேண்டாம், வராக்கடன் பயம் இல்லை. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் 8,000 விடுகிறார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சி.டி. என்பது விலைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி. அதை நாள் கணக்கில் விரித்து, வரி சேர்ந்த தொகைக்குப் போட்டால் அதன் உண்மையான விகிதம் தெரியும். நம் பில்லுக்கு அது வருஷத்துக்கு 27.4%.

## கடன் எங்கே வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம்

முதலில் பேங்க் சி.சி. கணக்கு. சி.சி. என்றால் கேஷ் கிரெடிட். கடைச் சரக்கை ஈடாக வைத்து, ஒரு உச்சவரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, வேண்டும்போது கட்டிக்கொள்ளும் கணக்கு. எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாளுக்கு மட்டும் வட்டி. அண்ணாச்சியின் சி.சி. வட்டி 12% என்று வைத்துக்கொள்வோம். 4,64,000-க்கு ஒரு நாள் வட்டி சுமார் 152 ரூபாய் 50 காசு. 23 நாளுக்கு 3,509. தள்ளுபடி 8,000-ல் இது போனால் 4,491 ரூபாய் கையில் நிற்கும். ‘2 வாங்குததுக்கு 12 குடுப்பாங்களா’ என்று கேட்டவர் விடுவது இந்த 4,491-ஐ. வருஷத்தில் இப்படி எட்டு, பத்து லோடு இறக்குகிற கடை என்றால் தொகையை அவரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரெண்டு வட்டிக் கைமாற்று. 24% என்பது 27.4-ஐ விடக் குறைவுதானே, அப்போது லாபம்தானே என்று தோன்றும். காகிதத்தில் சரி. 23 நாளுக்கு வட்டி 7,017, மிச்சம் 983. ஆனால் வெளியில் வட்டிக்கு விடுகிறவர்கள் நாள் கணக்குப் பார்ப்பதில்லை. 23 நாளில் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு மாத வட்டி ஒரு மாத வட்டிதான். 4,64,000-க்கு ரெண்டு வட்டி ஒரு மாதத்துக்கு 9,280 ரூபாய். தள்ளுபடி 8,000. ஆக 1,280 ரூபாய் நஷ்டம். ‘ரெண்டுக்கு ரெண்டு சரி’ என்ற பேச்சு உடைவது இங்கேதான். இந்தப் பக்கத்து ரெண்டு 23 நாளுக்கு, 4,00,000 மேல். அந்தப் பக்கத்து ரெண்டு முழு மாதத்துக்கு, 4,64,000 மேல். மூணு வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு 13,920. கேட்கவே வேண்டாம்.

சிலர் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். அப்படியென்றால் 4,64,000 கையில் வர, அதைவிடக் கூடுதலாக எழுதி வாங்க வேண்டும். எழுதிய தொகைக்கே வட்டி என்பதால் சொல்கிற வட்டியைவிட உண்மை வட்டி ஏறிவிடும்.

பத்து வட்டி, மீட்டர் வட்டி வகையறாக்களை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், சி.டி. பிடிப்பதற்காக அந்தப் பக்கம் போகிறவருக்கு அஞ்சாறு நாளிலேயே 8,000 கரைந்துவிடும்.

நகைக்கடன் நடுவில் நிற்கிறது. பேங்க் நகைக்கடன் 10% என்று வைத்தால் 23 நாளுக்கு வட்டி 2,924தான் வரும், சி.சி.யை விட மலிவு. ஆனால் மதிப்பீட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று ஒரு தடவைச் செலவு உண்டு. சில இடங்களில் சீக்கிரம் மீட்டாலும் குறைந்தபட்சம் இத்தனை நாள் வட்டி என்று வைத்திருப்பார்கள். செலவு 1,500 என்று வைத்தாலும் நம் பில்லுக்கு 3,576 நிற்கும், நல்லதுதான். பில் சின்னதாக இருந்தால் கதை மாறும். 40,000 ரூபாய்ச் சரக்கு, வரியோடு 47,200 என்று வையுங்கள். தள்ளுபடி 800. கட்ட வேண்டிய 46,400-க்கு 23 நாள் வட்டி 292. கட்டணம் 500 என்றால் மிச்சம் 8 ரூபாய். பேங்குக்குப் போய்வர ஆட்டோ செலவுக்குக் காணாது.

சுருக்கமாக: நாளுக்கு மட்டும் வட்டி, தனிக் கட்டணம் இல்லை என்கிற சி.சி. போன்ற கடன்தான் இந்த வேலைக்குப் பொருந்தும். முழு மாத வட்டி, ஒரு தடவைக் கட்டணம், முன்வட்டி எதுவானாலும் அதை ரூபாயாக மாற்றித் தள்ளுபடியில் கழித்துப் பாருங்கள். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

## தள்ளுபடி எத்தனை நாள் தாங்கும்?

27.4% போன்ற எண்ணைக் கல்லாவில் உட்கார்ந்து போட எல்லாருக்கும் வராது. இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். தள்ளுபடித் தொகையை ஒரு நாள் வட்டியால் வகுத்துவிடுங்கள். எத்தனை நாள் வரை அந்தக் கடனைத் தள்ளுபடி தாங்கும் என்று வந்துவிடும்.

நம் பில்லுக்கு 12% சி.சி.யில் ஒரு நாள் வட்டி 152.50. 8,000-ஐ அதால் வகுத்தால் 52 நாள். கடன் 52 நாளுக்குள் அடைந்தால் லாபம், அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் கைக்காசு. 24% கடன், நாள் கணக்கிலேயே வட்டி என்றால்கூட ஒரு நாளுக்கு 305 ரூபாய், 26 நாள் தாங்கும். 36% என்றால் 17 நாள்தான். நமக்குத் தேவையோ 23 நாள். எனவே மூணு வட்டி ஆரம்பத்திலேயே அடிபட்டுப்போகிறது, ரெண்டு வட்டி மூணு நாள் இடைவெளியில் தொங்குகிறது, சி.சி.க்கு மட்டும் தாராளமாக இடம் இருக்கிறது.

## முப்பதாம் நாள்தான் கட்டுவோம் என்று யார் சொன்னது?

மேலே போட்ட கணக்கு முழுக்க ‘சி.டி. எடுக்காவிட்டால் முப்பதாம் நாள் கட்டுவோம்’ என்ற அனுமானத்தில் நிற்கிறது. நம்மூரில் அப்படித்தான் நடக்கிறதா? பில்லில் 30 என்று இருக்கும். கம்பெனி ஆள் நாற்பதாம் நாள் கடைக்கு வருவார், காபி குடித்துவிட்டு, “அடுத்த வாரம் போட்டு விடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போவார். பணம் நாற்பத்தஞ்சாம் நாள் போகும். அதற்குத் தனி வட்டியும் கேட்க மாட்டார்கள்.

அப்படியென்றால் முன்கூட்டிக் கட்டும் நாள் 23 இல்லை, 38. சி.சி. வட்டி 5,797 ஆகும், மிச்சம் 2,203. அறுபது நாள் வரை பொறுத்துக்கொள்கிற கம்பெனி என்றால் 53 நாள், வட்டி 8,085. தள்ளுபடியைவிட 85 ரூபாய் கூடுதல்! 12% பேங்க் கடனுக்கே லாபம் செத்துப்போகிறது. பேங்க் வட்டியும் மாறவில்லை, தள்ளுபடியும் மாறவில்லை. கம்பெனியின் பொறுமை மட்டும்தான் மாறியது.

ஆகவே பில்லில் அச்சடித்த நாளைப் பார்க்காதீர்கள். அந்தக் கம்பெனிக்கு இதுவரை கட்டிய ஏழெட்டு பில்களை எடுத்து, பில் தேதிக்கும் பணம் போன தேதிக்கும் எத்தனை நாள் என்று பேரேட்டில் பாருங்கள். அந்த நாளில் 7-ஐக் கழித்ததுதான் உங்கள் நாள்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. சரக்கு அனுப்புகிறவர் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி கேட்க அவருக்கு உரிமை உண்டு. வருமான வரிக் கணக்கிலும், 2023-24 நிதியாண்டு தொடங்கி, கெடு தாண்டி நிற்கும் இந்தப் பாக்கியைப் பணம் கட்டிய வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். அப்படிப்பட்டவரிடம் அறுபது நாள் என்று கணக்குப் போடுவது சரிப்படாது.

## பிசானம் அறுத்தபிறகு வரும் பணம்

“என் பணம் விவசாயிகளிடம் நிற்கிறது. தையில் பைப் எடுத்தவர்கள் பிசானம் அறுத்து, நெல்லைப் போட்டு, பங்குனியில்தான் தருவார்கள். நான் எப்படி 23 நாளில் கடனை அடைப்பேன்?” என்று ஒரு கடைக்காரர் கேட்பார். தாமிரபரணிப் பாசனத்தை நம்பிய ஊர்களில் நியாயமான கேள்வி. வசூல் தாமதமாக வருகிறவர் சி.டி. பக்கமே போகக் கூடாது என்று பலரும் முடிவு கட்டுவது இதை வைத்துத்தான்.

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வசூல் 75-ஆம் நாள்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கறார், முப்பதாம் நாள் பணம் வைத்தே ஆக வேண்டும். அண்ணாச்சி சி.டி. எடுக்கவில்லை என்றாலும் முப்பதாம் நாள் சி.சி.யில் எடுத்துத்தான் கட்டப்போகிறார். அப்போது எடுப்பது முழுசாக 4,72,000. அங்கிருந்து 75 வரை 45 நாளுக்கு வட்டி 6,983. இதற்குப் பதில் ஏழாம் நாளே எடுத்துக் கட்டியிருந்தால் 68 நாளுக்கு வட்டி 10,373. பயமுறுத்தும் எண்தான். ஆனால் தள்ளுபடி 8,000 போனால் சுமை 2,373தான். 6,983 எங்கே, 2,373 எங்கே! வசூல் எப்போது வந்தாலும், முப்பதாம் நாளுக்குப் பிந்திய வட்டி இரண்டு வழியிலும் இருக்கிறது. மாறுவது நடுவில் இருக்கும் 23 நாள் மட்டும்.

கம்பெனி 75 நாளும் வட்டியில்லாமல் காத்திருக்கும் என்றால் மட்டுமே இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது சி.டி. எடுக்காமல் விடுவதுதான் சரி.

ஆனால் தாமதமான வசூல் வேறொரு வழியில் இடிக்கும். அது சி.சி. வரம்பு. வரம்பு 10 லட்சம், ஏற்கெனவே 6 லட்சம் எடுத்தாயிற்று என்றால் 4,64,000-க்கு இடமே இல்லை. இடம் இருந்து எடுத்துவிட்டாலும், அது பங்குனி வரை அடைபட்டுக் கிடந்தால் நடுவில் வருகிற சிமென்ட் லோடுக்கும் சம்பளத்துக்கும் ரெண்டு வட்டிக்கு ஓட வேண்டிவரும். 4,491 மிச்சம் பிடித்து, அந்தப் பக்கம் ஒரே மாதத்தில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன பிரயோசனம்? வரம்பில் இடம் குறைவாக இருக்கும்போது, அதிக விகிதம் தருகிற பில்லை மட்டும் தேர்ந்தெடுத்துக் கட்ட வேண்டும்.

இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. எவ்வளவு எடுக்கலாம் என்பதை பேங்க் ஒவ்வொரு மாதமும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து நிர்ணயிக்கும். சரக்கு மதிப்பில், சப்ளையருக்கு இன்னும் பணம் கட்டாத சரக்கைப் பொதுவாகக் கழித்துவிட்டு, மீதியில் நாலில் ஒரு பங்கு போலப் பிடித்தம் வைத்துத்தான் அனுமதிப்பார்கள். மதுரைப் பாக்கியைத் தீர்த்ததும் அந்த பைப் முழுக்க அண்ணாச்சியின் சரக்காகிவிடுவதால், அடுத்த ஸ்டேட்மென்ட்டில் எடுக்கும் அளவு கொஞ்சம் கூடும். மொத்த வரம்பு மட்டும் கூடாது.

இந்தப் பகுதியின் சாரம்: வசூல் தாமதம் என்பதாலேயே சி.டி. நஷ்டமாகாது. கம்பெனி காத்திருக்குமா, சி.சி.யில் இடம் இருக்குமா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கும்.

## பணம் போடும் முன் பார்க்க வேண்டியது

ஏழு நாள் எந்த நாளிலிருந்து? பெரும்பாலும் பில் தேதியிலிருந்து. மதுரையில் ஒன்றாம் தேதி பில் போட்டு, லாரி ஆபீசில் கிடந்து, நாலாம் தேதி அம்பாசமுத்திரம் வந்தால் மூணு நாள் போய்விட்டது. அதேபோல் செக் கொடுத்த நாளா, கம்பெனி கணக்கில் பணம் ஏறிய நாளா என்பதையும் முன்கூட்டிக் கேட்டுவிட வேண்டும். ஒரு நாள் பிந்தியதற்காக சி.டி. மறுக்கப்பட்டால், வட்டிக்கு வட்டியும் போச்சு, தள்ளுபடியும் போச்சு.

தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு கட்டலாமா, முழுப் பணத்தையும் கட்டியபின் கிரெடிட் நோட் வருமா? கிரெடிட் நோட் என்பது ‘உங்கள் கணக்கில் இவ்வளவு வரவு வைத்திருக்கிறோம்’ என்று கம்பெனி தரும் சீட்டு. அது மூணு மாதம் கழித்து, அடுத்த பில்லில் கழிக்கும்படி வந்தால், அதுவரை 8,000 அங்கே முடங்கும். வராமலே போகிற கிரெடிட் நோட்டும் உண்டு. அந்தச் சீட்டில் ஜி.எஸ்.டி.யையும் குறைத்திருந்தால், அந்த அளவுக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் குறைக்க வேண்டும். அதைக் கூடுதல் லாபமாக எண்ணிவிடக் கூடாது, உங்கள் லாபம் அதே 8,000தான்.

சரக்கையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். பைப் லோடில் நுனி உடைந்தது, சைஸ் மாறி வந்தது எல்லாம் சாதாரணம். பணம் கையில் இருக்கும்போது “பத்து பைப் உடைசல், கழிச்சுக்கிடுதேன்” என்று ஒரு போனில் முடிகிற விஷயம், பணம் போனபிறகு வாரக்கணக்கில் இழுக்கும். ஏழு நாளுக்குள் எண்ணிச் சரிபார்க்க ஆள் இல்லாத கடைக்கு இதுவும் ஒரு செலவு.

## 1 பர்சென்ட் என்றால்?

எல்லா பில்லும் 2% தருவதில்லை. அதே 4,00,000 சரக்குக்கு, அதே 7 நாளுக்கு 1% மட்டும் என்றால் தள்ளுபடி 4,000, கட்ட வேண்டியது 4,68,000, விகிதம் வருஷத்துக்கு 13.6%. சி.சி. 12% என்றால் 23 நாள் வட்டி 3,539 போக 461 ரூபாய் நிற்கும். பில் சரிபார்க்கிற சிரமத்துக்கு அது கட்டாது என்பது என் அபிப்பிராயம். கையில் சும்மா கிடக்கிற பணம் என்றால் சரி. ஆனால் சி.சி.யில் பாக்கி வைத்திருக்கிற கடைக்கு ‘சும்மா கிடக்கிற பணம்’ என்று ஒன்று கிடையாது. கல்லாப் பணத்தை சி.சி.யில் கட்டினால் அங்கேயும் அதே 12% மிச்சமாகும் அல்லவா?

இந்த மாதிரி பில்லில் கம்பெனியிடம் பர்சென்டைக் கூட்டிக் கேட்பதைவிட நாளைப் பேசுவது எளிது. “ஏழு நாளைப் பில் தேதியிலிருந்து எண்ணாமல், சரக்கு இறங்கின நாளிலிருந்து எண்ணுங்க” என்று கேட்டால் அநேகர் சம்மதிப்பார்கள். நாலாம் தேதி சரக்கு இறங்கினால் பத்தாம் நாள் கட்டினால் போதும், முன்கூட்டிக் கட்டும் நாள் 23-லிருந்து 20 ஆகிறது. 2% பில்லில் அந்த மூணு நாள் மட்டும் 458 ரூபாய் வட்டியை மிச்சமாக்கும், விகிதம் 27.4-லிருந்து 31.5-க்கு ஏறும். விலையில் ஒரு பைசா குறைக்காமல் கம்பெனிக்காரர் தரக்கூடிய சலுகை என்பதால் அவருக்கும் தலைமை அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தர வசதி. அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மாறினால் போனில் சொன்ன சொல் நிற்காது.